ஜோட்டெரோ பதிவுகளை எங்கே திருத்துவது: வேர்டிலா, நூலகத்திலா?

பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரைப் பற்றிய என் ஆய்வேட்டைச் சென்ற மாதம் வேலூரில் ஒப்படைத்தேன். துணைநூற்பட்டியலில் 214 பதிவுகள். மூன்றாண்டுகளாக வெவ்வேறு தளங்களிலிருந்து ஒரே சொடுக்கில், மேற்கோள் விவரங்களைச் சேமித்துத் தரும் ஜோட்டெரோ மென்பொருளுக்குள் இழுத்துப் போட்டவை அவை. கடைசி வாரம் பட்டியலை ஏ.பி.ஏ. நடையில் எடுத்துப் பார்த்ததும் திடுக்கிட்டேன்.

`S, M. (2012)` என்று ஓர் ஆசிரியர் நின்றார். நம் ஊர்ப் பெயர்களில் தந்தை பெயரின் முதலெழுத்தைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டதால் வந்த வினை. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் `Board, T. N. P. C.` ஆகியிருந்தது. ஒரே கட்டுரை 2014a என்றும் 2014b என்றும் இருமுறை வந்தது. இரண்டு தளங்களிலிருந்து இருமுறை சேமித்து, ஒன்றை இரண்டாம் இயலிலும் மற்றொன்றை நான்காம் இயலிலும் மேற்கோள் காட்டியிருந்தேன். உங்கள் பட்டியலில் a, b தென்பட்டால், அந்த ஆசிரியர் உண்மையிலேயே அவ்வாண்டில் இரண்டு கட்டுரை எழுதினாரா என்று முதலில் பாருங்கள்.

இவற்றைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. பட்டியலை வேர்டிலேயே கையால் திருத்தலாம். கெட்ட பதிவை அழித்துவிட்டு, கட்டுரையின் அடையாள எண்ணான டிஓஐயைக் கொண்டு புதிதாக இறக்கலாம். அல்லது பழைய பதிவை அழிக்காமல் ஜோட்டெரோ நூலகத்திலேயே திருத்தலாம். நான் மூன்றாவதன் பக்கம். இரண்டாவதில் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு வந்த முடிவு இது.

வேர்டு வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட்டியலில் நேரடியாகத் திருத்தினால், அடுத்தமுறை வேர்டிலுள்ள ஜோட்டெரோவின் Refresh பொத்தானை அழுத்தியதும் திருத்தம் போய்விடும். போகாமலிருக்க Unlink Citations கொடுத்தால் மேற்கோள்கள் வெறும் எழுத்தாகிவிடும்; அந்தக் கோப்பில் இணைப்பு திரும்ப வராது. ஆற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் என் தோழி அப்படித்தான் செய்தார். பிறகு நெறியாளர் மேற்கோள் நடையை மாற்றச் சொன்னார். ஜோட்டெரோவில் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டியதை, 160 பதிவுகளுக்கும் கையால் செய்தார்.

அழித்துவிட்டு மீண்டும் இறக்கும் வழி பார்வைக்குச் சுத்தமானது. மந்திரக்கோல் படமுள்ள பொத்தானை அழுத்தி டிஓஐ அல்லது ஐஎஸ்பிஎன் எண்ணை ஒட்டினால் புதிய பதிவு வந்துவிடும். பழையதைக் குப்பைக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஒன்பது பதிவுகளை அப்படி மாற்றிவிட்டு Refresh அழுத்தினேன். நூலகத்தில் எல்லாம் பளிச்சென்று இருந்தன. வேர்டில் அதே ஒன்பது பிழைகளும் அப்படியே நின்றன.

காரணம் இதுதான். மேற்கோள் ஒவ்வொன்றுக்குள்ளும் வேர்டு கோப்பு இரண்டைச் சுமக்கிறது: நூலகத்தில் அந்தப் பதிவு இருக்கும் முகவரி, அதன் விவரங்களின் ஒரு நகல். முகவரியில் பதிவு இருக்கும்வரை ஜோட்டெரோ புதிய விவரத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். பதிவை அழித்துவிட்டால் முகவரியில் ஆள் இல்லை. கோப்புக்குள் இருக்கும் பழைய நகலையே அச்சிடும். புதிதாக இறக்கிய பதிவு உங்கள் கண்ணுக்கு அதே கட்டுரை, ஜோட்டெரோவுக்கு அது வேறு. ஆய்வேட்டில் ஒவ்வோர் இடமாகத் தேடிப் புதியதை மீண்டும் செருகினால்தான் உண்டு. ஓரிடம் விட்டுப்போனாலும் பழையதும் புதியதும் பட்டியலில் சேர்ந்து வரும்.

ஐயமிருந்தால் வேர்டில் மேற்கோளைத் திருத்தத் திறந்து, அந்தப் பதிவின் பெயரைச் சொடுக்குங்கள். நூலகத்தில் திறப்பதற்கான பொத்தான் வந்தால் இணைப்பு உயிரோடு இருக்கிறது. என் ஒன்பதுக்கும் வரவில்லை. நல்லவேளையாக அவை ஜோட்டெரோவின் குப்பையில் இருந்தன. அமைப்பை மாற்றாதவரை குப்பை 30 நாள் காக்கும். மீட்டெடுத்ததும் இணைப்புத் திரும்பியது.

அதன் பிறகு செய்ததைத்தான் பரிந்துரைக்கிறேன். மந்திரக்கோலால் புதிய பதிவை இறக்குங்கள், பழையதை அழிக்காதீர்கள். இரண்டையும் தேர்ந்தெடுத்து, வலச்சொடுக்கில் Merge Items கொடுங்கள். எதை முதன்மையாக வைப்பது என்று கேட்கும், புதியதைக் காட்டுங்கள். வேறுபடும் புலங்களில் எந்த வடிவம் வேண்டுமென்று தனித்தனியாகவும் தேர்ந்தெடுக்கலாம். இணைத்த பின் பழைய பதிவைச் சுட்டிய மேற்கோள்களும் இணைந்த பதிவையே சுட்டும். பிடிஎஃப், குறிப்புகள், ஒட்டுச்சொற்கள் எல்லாம் கூடவே வரும். 2014a, 2014b சிக்கலும் இதிலேயே தீர்ந்துவிடுகிறது. ஒரே நிபந்தனை: இரண்டும் ஒரே வகைப் பதிவாக இருக்க வேண்டும். பழையது இணையப் பக்கமாகவும் புதியது ஆய்விதழ்க் கட்டுரையாகவும் இருந்தால் பழையதன் வகையை முதலில் மாற்றுங்கள்.

டிஓஐ வழியாக வருவதெல்லாம் தூய்மையானதென்று நம்பிவிடவும் கூடாது. பதிப்பகம் தலைப்பைப் பெரிய எழுத்துகளில் கொடுத்திருந்தால் அப்படியேதான் வரும். தலைப்பில் வலச்சொடுக்கி Transform Text வழியாக Sentence case ஆக்குங்கள். பிறகு Ranipet, Palar போன்ற ஊர், ஆற்றுப் பெயர்களின் முதலெழுத்தைக் கையால் உயர்த்துங்கள். சிறிய எழுத்தில் சேமித்தால் தேவைப்படும் நடை தானே உயர்த்திக்கொள்ளும். உயர்ந்ததை நடைகள் நம்பகமாகத் தாழ்த்தித் தருவதில்லை.

டிஓஐ, ஐஎஸ்பிஎன் எதுவுமில்லாத மூலங்களுக்கு இருக்குமிடத்திலேயே திருத்துவதுதான் வழி. வட ஆற்காட்டை ஆய்பவர்களுக்கு அப்படிப்பட்டவை நிறைய வாய்க்கும். 1881-இல் வந்த ஆர்தர் காக்ஸின் வட ஆற்காடு மாவட்டக் கையேடு அப்படி ஒன்று. வாரியப் பெயருக்கு, பெயர்ப் புலத்தின் ஓரத்திலுள்ள பொத்தானை அழுத்தி ஒற்றைப் புலமாக்கினால் அது உடையாது. `S, M.` போன்றவற்றுக்கு, பெயரின் மேல் வலச்சொடுக்கினால் முன்பின் மாற்றும் கட்டளை இருக்கிறது.

எனக்கு அதிகம் பயன்பட்ட பதிவு, தோல் ஆலைகள் குறித்த 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஒரு சட்டத் தளத்திலிருந்து அது இணையப் பக்கமாக வந்து, தலைப்பின் வாலில் தேதியையும் சுமந்திருந்தது. வகையை Case என்று மாற்றி, புலங்களை இப்படி நிரப்பினேன்:

```
Case Name: Vellore Citizens Welfare Forum v. Union of India
Reporter: SCC
Reporter Volume: 5
First Page: 647
Court: Supreme Court of India
Date Decided: 1996-08-28
```

பதிவு அதுவேதான், மாறியது உள்ளிருப்பு மட்டும். Refresh அழுத்தியதும் ஏழு இடங்களிலும் தீர்ப்பு தீர்ப்பாகவே வந்தது.

இவ்வளவும் வேர்டில் எழுதிய அனுபவம். லிப்ரேஆபிஸில் ஒரு சிறு கட்டுரைக்கு மட்டும் இதைச் செய்தேன், அங்கும் சிக்கலில்லை. லேடெக்ஸில் எழுதுவோருக்குக் கணக்கு வேறு. அங்கே கோப்பு நம்புவது மேற்கோள் குறிச்சொல்லை; அதனால் இணைப்பைப் பற்றி நான் சொன்ன வாதம் அவர்களுக்கு அப்படியே பொருந்தாது.

214 பதிவுகளுக்கு மூன்று மாலைகள் ஆயின. எல்லாம் முடிந்த பிறகு கோப்பைப் பிரதியெடுத்து, பிரதியில் மட்டும் Unlink Citations கொடுத்து அச்சுக்கு அனுப்பினேன். இணைப்புள்ள மூலக்கோப்பு இன்னும் கைவசம் இருக்கிறது. வாய்மொழித் தேர்வுக்குப் பின் வரும் திருத்தங்களை அதில்தான் செய்யப் போகிறேன்.