பின் கண்ணாடிச் சூடேற்றிக் கம்பியில் அறுந்த இடம்: எதை வைத்துத் தேடுவது, எதைப் பூசுவது

காரின் பின் கண்ணாடியின் உட்புறம் ஓடும் சூடேற்றிக் கோடுகள் இருபுறமும் உள்ள இரண்டு அகலப் பட்டைகளுக்கு நடுவே இணையாக இணைந்திருக்கின்றன. அதனால் ஒரு கோடு அறுந்தால் அது மட்டும்தான் சாகும். மற்றவை வழக்கம்போலச் சூடாகும். எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் செத்திருந்தால் அறுந்த இடத்தில் பூசும் பெயின்ட் வாங்க வேண்டாம். ஃப்யூஸ், ரிலே, எர்த், பட்டையில் ஒட்டியிருக்கும் வயர் முனை ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

செத்த கோட்டைக் கண்டுபிடிக்கக் கருவியே தேவையில்லை. கண்ணாடி பனித்திருக்கும்போது சுவிட்சைப் போட்டால் தெளியாமல் நிற்கும் வரிதான் அது. அந்தக் கோட்டில் எந்த இடம் அறுந்தது என்பதில்தான் முறைகள் பிரிகின்றன.

பலர் முதலில் மல்டிமீட்டரை ஓமில் வைத்து, பட்டைக்குப் பட்டை அளக்கிறார்கள். இது பயன்படாது. கோடு ஒன்றுக்குச் சுமார் 10 ஓம், மொத்தம் 12 கோடுகள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் நன்றாக இருந்தால் 0.83 ஓம் வரும். ஒன்று அறுந்தால் 0.91. சாதாரண மீட்டரின் வயர்களுக்கே இந்த வித்தியாசத்தைவிட அதிகத் தடை இருக்கும்.

வோல்ட்டில் அளப்பதே என் தேர்வு. எஞ்சினை ஓடவிட்டு, சூடேற்றியை, அதாவது டிஃபாகரைப் போட்டு, கறுப்பு முனையை எர்த் பக்கப் பட்டையில் வையுங்கள். சிவப்பு முனையில் அலுமினியத் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். கூர்முனை கோட்டையே கீறிவிடும். நல்ல கோட்டின் நடுவில் ஏறக்குறைய பாதி வோல்ட், அதாவது 6 முதல் 7 வரை காட்டும். நடுவில் முழு வோல்ட் காட்டினால் அறுந்த இடம் எர்த் பக்கம் இருக்கிறது. பூஜ்யம் காட்டினால் பிளஸ் பக்கம். அந்தத் திசையில் மெல்ல நகர்த்துங்கள். வோல்ட் சட்டென்று தாவும் இடமே அறுந்த இடம். பெரும்பாலான கார்களில் டிஃபாகர் சில நிமிடங்களில் தானாக அணைந்துவிடும். எல்லாக் கோட்டிலும் திடீரென்று பூஜ்யம் வந்தால் முதலில் சுவிட்சைப் பாருங்கள்.

இழை பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பும் இதே வேலையைச் செய்யும். அறுந்த இடத்தைத் தாண்டியதும் அணையும். ஆனால் நல்ல கோட்டிலும் நடுப்பகுதியில் மங்கித்தான் எரியும் என்பதால் அளவு தெரியாது. எல்இடி டெஸ்டர் வேண்டாம், குறைந்த வோல்ட்டில் அது எரியாமலே இருந்து ஏமாற்றும்.

ஒரே கோட்டில் இரண்டு இடம் அறுந்திருப்பதுதான் கடினம். முதல் இடத்தைப் பூசியும் கோடு சூடாகாமல் இருக்கப் பெரும்பாலும் இதுவே காரணம். கறுப்பு முனையை எர்த் பட்டையில் வைத்துப் பிளஸ் பக்கத்து அறுப்பைக் குறித்த பிறகு, அந்த முனையைப் பிளஸ் பட்டைக்கு மாற்றி எர்த் பக்கத்திலிருந்து சிவப்பு முனையை நகர்த்துங்கள். இப்போது தாவும் இடம் வேறாக இருந்தால் அறுப்பு இரண்டு.

அடுத்து பெயின்ட். வெள்ளி கலந்தது, நிக்கல் கலந்தது, கார்பன் கலந்தது மூன்றுமே மின்சாரம் கடத்துவதாக விற்கப்படுகின்றன. மேலே சொன்ன 10 ஓம் கோடு 12 வோல்ட்டில் 1.2 ஆம்பியர் எடுக்கும், 120 செ.மீ. நீளத்தில் 3 மி.மீ. துண்டுக்கு விழும் சூடு 0.04 வாட்டுக்கும் குறைவு. அந்த 3 மி.மீ. இடைவெளியை நிக்கல் பெயின்ட் நிரப்பி 2 ஓம் சேர்ந்தால், 1 ஆம்பியரில் 2 வாட் சூடு அந்தப் புள்ளியிலேயே விழும். அது ஐம்பது மடங்குக்கு மேல். பெயின்ட் கருகி மறுபடி அறும். கார்பனில் தடை இன்னும் அதிகம், கோடு சூடாகவே ஆகாது. இந்த மூன்றில் வெள்ளிப் பெயின்ட் மட்டுமே இங்கே சரிப்படும்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, கோட்டின் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். நடுவில் கோட்டின் அகலமே தெரிய வேண்டும். குப்பியை நன்றாகக் குலுக்குங்கள், வெள்ளி அடியில் தங்கியிருக்கும். அறுந்த இடத்தின் இருபுறமும் 5 மி.மீ.யாவது நல்ல கோட்டின் மேல் ஏறும்படி மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுப் பூசுங்கள். ஒரே தடிப்பாகப் பூசினால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். டேப்பை முழுதாகக் காய்வதற்கு முன் உரித்து, ஒரு நாள் சுவிட்சைத் தொடாமல் விடுங்கள்.

கொஞ்சம் அகலமாகப் பூசியிருந்தால் அந்தப் புள்ளி மட்டும் தெளியாது, கெடுதல் இல்லை. பூசிய இடம் பழுப்பாக மாறினால் பூச்சு மெலிந்திருக்கிறது; துடைத்தெடுத்து மறுபடி பூசுங்கள். பட்டையிலிருந்து பிடுங்கிய வயர் முனைக்கு இந்தப் பெயின்ட் உதவாது, இழுவையைத் தாங்காது. அதற்கு வெள்ளி கலந்த இரு பகுதி எபாக்ஸி வேண்டும்.