ஒரே விடுமுறையில் முடிப்பதா, ஆறு வாரம் இழுப்பதா? கட்ஓவரும் ஸ்டேஜ்டும்

அலுவலகத்து எக்ஸ்சேஞ்ச் சர்வரிலிருந்து மைக்ரோசாஃப்ட் 365-க்கு மெயிலை மாற்றப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மெயில்பாக்ஸ்?" என்றுதான். 150-க்குள் என்றால் எல்லோரையும் ஒரே மூச்சில் மாற்றும் கட்ஓவர், அதற்கு மேல் என்றால் பகுதி பகுதியாக மாற்றும் ஸ்டேஜ்டு என்ற பதிலும் தயாராக இருக்கும். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. சர்வர் எந்தப் பதிப்பு?

ஸ்டேஜ்டு முறை எக்ஸ்சேஞ்ச் 2003, 2007 இரண்டுக்கு மட்டும்தான். 2010 அல்லது அதற்குப் பிந்தைய சர்வர் என்றால் அந்த வழியே கிடையாது. அங்கே கட்ஓவருக்கு மாற்று, பழைய சர்வரையும் மைக்ரோசாஃப்ட் 365-ஐயும் இணைத்து வைத்து மாற்றும் ஹைப்ரிட். கட்ஓவர் 2003 முதல் எல்லாப் பதிப்புக்கும் செல்லும். அதன் உச்சவரம்பு 2,000 மெயில்பாக்ஸ். 150-க்குள் வைத்துக்கொள்ளச் சொல்வது மைக்ரோசாஃப்டின் பரிந்துரை.

2,000 வரை முடியும் என்றால் 150 ஏன்? பலரும் டேட்டா அளவுதான் காரணம் என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புதுச்சேரியில் தலைமை அலுவலகம், கடலூர் சிப்காட்டில் ஆலை, மொத்தம் 140 மெயில்பாக்ஸ், ஒவ்வொன்றும் சராசரியாக 5 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 700 ஜிபி. அப்லோடில் 20 எம்பிபிஎஸ் நிலையாகக் கிடைத்தால் மணிக்கு 9 ஜிபி, ஒரு நாளைக்கு 216 ஜிபி. மூன்றேகால் நாளில் முடியும். தடங்கலுக்கும் இடம் விட்டு ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வாரம் விடுமுறையில் அடங்க வேண்டியதில்லை. கட்ஓவர் பேட்சை முன்கூட்டியே ஓடவிடலாம். முதல் நகல் முடிந்ததும் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை புதிதாக வந்த மெயிலை அது தானே இழுத்துக்கொள்ளும். ஊழியர்கள் பழைய சர்வரிலேயே வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

விடுமுறையில் அடங்க வேண்டியது மேசை வேலை. கட்ஓவரில் ஒவ்வொருவருக்கும் புதுக் கடவுச்சொல், அவுட்லுக்கில் புது ப்ரொஃபைல், போனில் கணக்கை நீக்கி மறுபடி சேர்ப்பது எல்லாம் உண்டு. ஆளுக்கு 20 நிமிடம் என்றால் 140 பேருக்கு சுமார் 47 மணி நேரம். நான்கு பேர் பிரித்துக்கொண்டால் ஒரு நீண்ட நாள். இதுவே 420 பேர் என்றால் 140 மணி நேரம், நால்வருக்கும் தலைக்கு 35 மணி. அப்படி மூன்று நீண்ட நாட்கள். பொங்கலின் மூன்று நாளையும் விழுங்கிவிடும், தடங்கலுக்கு இடமே இருக்காது. 150 என்ற எண்ணை நாம் படிக்க வேண்டியது இப்படித்தான்.

பொங்கலைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கட்ஓவருக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் ஓய்ந்திருக்க வேண்டும். ஆகஸ்ட் 16-ம் நவம்பர் 1-ம் புதுச்சேரியில் விடுமுறை. ஆனால் இருபது கிலோமீட்டர் போலத் தள்ளி இருக்கும் கடலூரில் அவை வேலை நாட்கள். இரு ஊருக்கும் பொதுவான நீண்ட விடுமுறையைத்தான் தேட வேண்டும்.

கட்ஓவரில் சறுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, அலுவலகப் பயனர் பட்டியலை மைக்ரோசாஃப்ட் 365-இல் நிறுவனத்துக்கு உள்ள இடமான டெனன்டுக்கு நகலெடுக்கும் டைரக்டரி சிங்கை முன்பே இயக்கிவிடுவது. கட்ஓவர் தானே பயனர்களை டெனன்டில் உருவாக்கும் முறை என்பதால் சிங்க் அணைந்திருக்க வேண்டும். இயக்கியிருந்தால் அணைக்கலாம், ஆனால் அது முழுதாக அணைய 72 மணி நேரம் வரை ஆகலாம். இதை விடுமுறைக்கு முதல் நாள் கண்டுபிடித்தால் அந்த விடுமுறை போச்சு.

இரண்டாவது, பழைய சர்வரைத் தேடித் திரும்பிப் போகும் அவுட்லுக். டொமைனில் சேர்ந்த கணினியில் அவுட்லுக் டிஎன்எஸ்-ஐப் பார்ப்பதற்கு முன் ஆக்டிவ் டைரக்டரியில் பதிந்திருக்கும் முகவரியைப் பார்க்கும். அது பழைய சர்வரையே காட்டும். வீட்டிலிருந்து கணக்கு சரியாகத் திறக்கிறது, அலுவலகத்தில் மட்டும் பழைய பெட்டி வருகிறது என்றால் இதுதான் நோய். மருந்து ஒரு வரி:

```
Set-ClientAccessServer -Identity EX01 -AutoDiscoverServiceInternalUri $null
```

(எக்ஸ்சேஞ்ச் 2016 முதல் கட்டளையின் பெயர் `Set-ClientAccessService`.) உள் டிஎன்எஸ்-இல் `autodiscover` பதிவு இருந்தால் அதையும் `autodiscover.outlook.com`-க்குத் திருப்ப வேண்டும்.

மூன்றாவது, அவசரம். எம்எக்ஸ் பதிவின் டிடிஎல்-ஐ சில நாள் முன்பே 3600 வினாடிக்குக் குறைத்து வையுங்கள். எம்எக்ஸை மாற்றிய பிறகும் 72 மணி நேரம் வரை சில மெயில்கள் பழைய சர்வருக்கே வரலாம். அதற்குள் பேட்சை நீக்கினால் அந்த மெயில்கள் அங்கேயே தங்கிவிடும். புதிய மெயில் நேரே டெனன்டுக்கு வருவது உறுதியாகி, அதன் பின் பேட்சின் 24 மணி நேர சிங்க் ஒன்றாவது முடிந்த பிறகு நீக்குங்கள். லைசென்ஸை 30 நாளுக்குள் ஒதுக்காவிட்டால் மெயில்பாக்ஸ் முடங்கிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

புது ப்ரொஃபைல் என்றால் மெயில் மறுபடி கணினிக்கு இறங்கும். புதுச்சேரி அலுவலகத்தில் 100 பேர் இருந்து, எல்லோரும் முழுப் பெட்டியையும் இறக்கினால் 500 ஜிபி. 100 எம்பிபிஎஸ் லைனை வேறு யாரும் தொடாமல் இருந்தாலும் பதினோரு மணி நேரம். அவுட்லுக்கில் ஆஃப்லைனில் வைக்கும் காலத்தை மூன்று மாதமாகக் குறைத்துவிட்டால் திங்கட்கிழமை காலை மூச்சுவிடலாம்.

இனி அதே நிறுவனத்தில் 420 மெயில்பாக்ஸ், சர்வர் 2007 என்று வையுங்கள். இங்கே ஸ்டேஜ்டு தன் கூலிக்கு வேலை செய்யும். 70 பேராக ஆறு பேட்ச், வாரத்துக்கு ஒன்று. இரண்டு பேர் ஒரு வாரயிறுதியில் முடித்துவிடலாம். இங்கே டைரக்டரி சிங்க் கட்டாயம் வேண்டும், கட்ஓவருக்கு நேர் எதிர். பேட்சில் யார் யார் என்பதை சிஎஸ்வி கோப்பு சொல்லும்:

```
EmailAddress,Password,ForceChangePassword
stores1@example.in,Xx#48291,True
```

பேட்ச் ஓடும்போது பழைய மெயில்பாக்ஸில் `TargetAddress` என்ற பண்பில் டெனன்ட் முகவரி எழுதப்படும். அன்றிலிருந்து புது மெயில் அங்கே போகும். மாற்றும் கணக்குக்கு அந்தப் பண்பை எழுதும் உரிமை இல்லாவிட்டால் இது நடக்காது. ஸ்டேஜ்டில் அதிகம் தவறவிடப்படும் படி அடுத்தது. பேட்ச் முடிந்ததும் பழைய மெயில்பாக்ஸை மெயில் முகவரி மட்டும் உள்ள பயனராக மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அவுட்லுக் பழைய பெட்டியையே திறந்து வைத்திருக்கும், புது மெயிலோ மேகத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். "போன்ல மெயில் வருது, கம்ப்யூட்டர்ல வரல" என்று ஒருவர் வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

பேட்சை அகரவரிசையில் பிரிக்காதீர்கள். மாறியவருக்கும் மாறாதவருக்கும் இடையே ஒருவர் காலண்டர் மற்றவருக்குத் தெரியாது, பொதுப் பெட்டியும் திறக்காது. மேலாளரும் அவர் காலண்டரைப் பார்க்கும் உதவியாளரும், கொள்முதல் பிரிவும் அதன் பொதுப் பெட்டியும் ஒரே பேட்சில் போக வேண்டும்.

ஆறு வாரம் என்பது எந்த ஆறு வாரம் என்பதும் இந்தக் கரையில் முக்கியம். ஸ்டேஜ்டில் கடைசி பேட்ச் வரை எம்எக்ஸ் பழைய சர்வரையே காட்டும். மேகத்துக்குப் போய்விட்டவரின் மெயிலும் அந்த சர்வர் வழியாகத்தான் நுழைய வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது பல நாட்கள் மின்சாரம் இல்லை. அப்படி சர்வர் நின்றால் ஆறில் ஐந்து பேட்ச் முடித்திருந்தாலும் 420 பேருக்கும் வெளியிலிருந்து மெயில் வருவது நிற்கும். அனுப்பும் சர்வர்கள் சில நாள் முயன்றுவிட்டுத் திருப்பி அனுப்பிவிடும். அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிக்கும் திட்டம் தாளில் அழகாக இருக்கும். பொங்கல் முடிந்ததும் தொடங்கி மார்ச்சுக்குள் எம்எக்ஸை மாற்றிவிடுங்கள்.

சர்வர் 2010 அல்லது அதற்குப் பிந்தையது, ஆட்களும் 420 என்றால், கட்ஓவரை இழுத்துப் பிடித்துச் செய்ய முயலாமல் குறைந்தபட்ச ஹைப்ரிடுக்குப் போவதே மேல். அதில் புது ப்ரொஃபைலும் வேண்டாம், மெயில் மறுபடி இறங்கவும் வேண்டாம். மேசை மேசையாக அலையும் 140 மணி நேரத்தில் பெரும்பகுதி மிச்சம்.