முதன்முதலில் சிறுதானியம் வாங்கும் வீட்டுக்குச் சாமையா, தினையா, வரகா?

அரிசிச் சோற்றில் ஊறிய வீட்டுக்கு முதல் தானியம் சாமைதான். வெந்தால் குருணை அரிசிச் சோறு போலவே இருக்கும். சாம்பார், ரசம், மோர் எதையும் மறுக்காது. தினையின் மஞ்சள் நிறமும் லேசான கைப்பும் சோறாகப் போட்டால் உடனே தெரியும். அதைப் பொங்கலுக்கும் பாயசத்துக்கும் ஒதுக்கலாம். குதிரைவாலி கொஞ்சம் தண்ணீர் கூடினாலே களியாகிவிடும். வரகு சாமைக்கு அடுத்தபடி, புளியோதரைக்குப் பொருத்தம். கம்புக்கு இரவு முழுக்க ஊறலும் இடிப்பும் வேண்டும், பிறகு பார்க்கலாம்.

ஆனால் எந்தத் தானியம் என்பதைவிட எவ்வளவு புதியது என்பதுதான் முக்கியம். "கசக்குது" என்று பிள்ளைகள் தட்டைத் தள்ளுவது பல வீடுகளில் தானியத்தின் குற்றமே அல்ல. உமி இருக்கும்வரை சிறுதானியம் நெடுநாள் தாங்கும். உமி நீக்கியதும் தவிட்டில் உள்ள எண்ணெயில் காற்றுப் பட்டு, சில வாரங்களிலேயே காறத் தொடங்கும். மாவாக்கினால் இன்னும் சீக்கிரம்; கம்பு மாவு அதில் முதலிடம். அதனால் கம்பை முழுத் தானியமாகவே வாங்குங்கள்.

கடையில் பொட்டலம் அடைத்த தேதியைப் பாருங்கள். ஒரு மாதத்துக்குள் இருந்தால் நல்லது. சில்லறையாக விற்றால் ஒரு பிடியை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பாருங்கள். பழைய எண்ணெய் வாடை வந்தால் வைத்துவிடலாம். பளிச்சென்ற வெள்ளைச் சாமை தவிடு போனது. கெடாமல் நிற்கும், நார்ச்சத்து குறைவு. லேசாகப் பழுப்போடிய சாமையே தேவை. அதில் பளபளக்கும் உமி மணிகள் நிறையக் கிடந்தால் அரைவை சரியில்லை, சோற்றில் நறநறக்கும்.

நாலு பேர் வீட்டுக்கு முதல் தடவை அரைக் கிலோ போதும், இரண்டு வேளைச் சோறு வரும். மலிவென்று இரண்டு கிலோ மூட்டை வாங்கினால் பாதியில் வண்டு வரும். மீதியை இறுக மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

சமைக்கும்போது பொடி மணல் கண்ணுக்குத் தெரியாது; இரண்டு பாத்திரங்களில் மாற்றி மாற்றி அரித்தால்தான் கீழே தங்கும். அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு டம்ளர் சாமைக்கு இரண்டு டம்ளர் கொதிநீரில் போட்டு, தண்ணீர் வற்றியதும் அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். உடனே கிளறினால் குழையும். ஆறினால் சோறு வறண்டு உதிரும் என்பது சாமையின் குறை. டிபன் பாக்ஸுக்கென்றால் தயிர்சாதமாகவே பிசைந்து கொடுங்கள், பால் கொஞ்சம் கூடுதலாக.