நாற்பது நிமிடத்தில் டேங்க் கழுவுகிறேன் என்று நோட்டீஸ் ஒட்டினால் நம்பாதீர்கள்

சென்னையில் எங்கள் குடியிருப்பில் நாலு பிளாக், நாலு மேல் தொட்டி, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சம்ப். சங்கத்தின் பொருளாளர் நான். போன மாதம் பணம் கொடுத்து ஏமாந்ததில் என் கையெழுத்தும் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிய நோட்டீஸில் இருந்த அட்டவணை இது. ஒப்பந்தக்காரரே எழுதிக் கொடுத்தார், நாங்கள் அப்படியே அச்சடித்து ஒட்டினோம்.

| தொட்டி | கொள்ளளவு | நேரம் |
|---|---|---|
| ஏ பிளாக் | 20,000 லிட்டர் | காலை 9.00 – 9.40 |
| பி பிளாக் | 20,000 லிட்டர் | 9.45 – 10.25 |
| சி பிளாக் | 20,000 லிட்டர் | 10.30 – 11.10 |
| டி பிளாக் | 20,000 லிட்டர் | 11.15 – 11.55 |
| சம்ப் | 60,000 லிட்டர் | 12.00 – 1.00 |

கீழே ஒரு வரி: "அந்தந்த நேரத்தில் மட்டும் குழாயைத் திறக்க வேண்டாம்." எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு வாளி பிடித்து வைத்தால் போதும் என்றால் யார் கேள்வி கேட்பார்கள்?

அன்று மத்தியானம் எல்லா வீட்டுக் குழாயிலும் பிளீச்சிங் வாசனை வந்தது. வேலை நடந்துவிட்டது என்று நம்ப அது ஒன்றே போதுமாக இருந்தது. வாட்ஸப்பில் கழுவுவதற்கு முன், பின் என்று எட்டுப் படம் வந்தது. செக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பி பிளாக்கில் ஒரு அக்கா வாஷிங் மெஷின் வடிகட்டியைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே பழுப்பு நிறத்தில் சேறு. எங்கள் பிளம்பர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். (உள்ளே இறங்கவில்லை, இறங்கவும் கூடாது. மூடிக் கிடக்கும் தொட்டியில் மூச்சுத் திணறி ஆட்கள் செத்திருக்கிறார்கள்.) நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் பாசிக் கோடு அப்படியே இருந்தது, விரல் வைத்தால் வழுக்கியது. அடியில் சேறு, அதன் மேல் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள். பிளீச்சிங் பவுடரைக் கரைக்காமல் பொட்டலத்தோடு கொட்டினால் அதிலிருக்கும் சுண்ணாம்பு இப்படித்தான் அடியில் போய் உட்காரும். முறையாகச் செய்கிறவர்கள் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிந்த பிறகு தெளிந்ததை மட்டும் எடுப்பார்கள்.

அப்புறம்தான் படங்களை ஒழுங்காகப் பார்த்தேன். நாலு பிளாக்கின் "பின்" படத்திலும் ஒரே இரும்பு ஏணிப்படி. எங்கள் சி பிளாக் தொட்டிக்கு ஏணிப்படியே கிடையாது.

சரி, அவர்கள் ஏமாற்றினார்கள். ஆனால் ஏமாற்றப் போகிறார்கள் என்பது நோட்டீஸிலேயே இருந்தது.

முதலாவது, நேரம். 20,000 லிட்டர் தண்ணீரை இரண்டு இன்ச் வாஷ்அவுட் வால்வு வழியாக வெளியேற்றவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முந்தின இரவே மோட்டாரை நிறுத்தி, குடியிருப்பவர்களே தண்ணீரைச் செலவழித்து மட்டத்தை இறக்கியிருந்தால் சீக்கிரம் முடியும், ஆனால் நோட்டீஸில் அப்படி எதுவும் இல்லை. அதன் பிறகு சேற்றை அள்ள வேண்டும், சுவரைத் தேய்க்க வேண்டும், அலசிய அழுக்குத் தண்ணீரைப் பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும். கடைசியில் பிளீச்சிங் கரைசலைச் சுவரெங்கும் அடித்து அரை மணி நேரமாவது விட்டு, மறுபடி அலச வேண்டும். மருந்து ஊறுவதற்கே அரை மணி நேரம் என்றால் நாற்பது நிமிடத்தில் மிச்சம் பத்து.

இரண்டாவது, வரிசை. எனக்கு இதுதான் இன்னும் வலிக்கிறது. மேல் தொட்டிக்குத் தண்ணீர் சம்ப்பிலிருந்துதான் ஏறுகிறது. லாரித் தண்ணீர் கொண்டுவரும் மண் முழுவதும் முதலில் படிவதும் அங்கேதான். மேலே நாலு தொட்டியைக் கண்ணாடி மாதிரி கழுவியிருந்தாலும், கழுவாத சம்ப்பிலிருந்து மோட்டார் போட்டால் சேறு மறுபடி மேலே போய்விடும். சம்ப்தான் முதலில் வர வேண்டும். அட்டவணையில் அது கடைசி வரியில் இருந்தது, பத்து பேர் பார்த்தோம், ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஒப்பந்தக்காரருக்குப் போன் செய்தால் "சார், நீங்கதானே டைம் ஓகே பண்ணீங்க" என்றார். அது உண்மைதான், என்ன சொல்வது? பிறகு அவர் போனே எடுக்கவில்லை.

இப்போது வேறு ஆட்களை வைத்து மறுபடி செய்தோம். புது நோட்டீஸ் மூன்று நாள் ஓடுகிறது. முதல் நாள் முழுக்க சம்ப் மட்டும். அடுத்த இரண்டு நாளும் காலையில் ஒரு பிளாக், மதியம் ஒரு பிளாக். முந்தின இரவு பத்து மணிக்கு மோட்டார் நிறுத்தம் என்று தனிப் பத்தியே போட்டோம். ஒவ்வொரு தொட்டியையும், தண்ணீர் ஏற்றும் முன் அந்தந்த பிளாக்கிலிருந்து ஒருவர் மூடி வழியாகப் பார்த்து நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் வந்தால்தான் செக். டி பிளாக்கில் இரண்டு முறை திரும்பத் தேய்க்கச் சொன்னார்கள், மதியம் மூன்று மணி என்று போட்டிருந்தது ஆறரை ஆனது. திட்டு எனக்குத்தான் விழுந்தது.