டிதர் போட்டதாகப் பில் வந்தது. 16 பிட் கோப்பில் டிதர் இல்லை

ஒன்பது உருப்படிகள் கொண்ட என் வீணைப் பதிவைச் சில மாதங்களுக்கு முன் ஒரு மாஸ்டரிங் ஸ்டுடியோவிடம் ஒப்படைத்திருந்தேன். இணையத்தில் ஏற்றுவதற்கு 24 பிட் கோப்புகளும், குறுந்தகடு அச்சிடுவதற்கு 16 பிட் கோப்புகளும், இரண்டும் 44.1 கிலோஹெர்ட்ஸில் தருவதாக ஒப்பந்தம். பில்லில் "16 பிட் மாற்றம், டிதருடன்" என்று தனி வரி போட்டு, உருப்படிக்கு 400 ரூபாய் வீதம் 3,600 ரூபாய் வாங்கினார்கள். டிதர் என்பது அந்த மாற்றத்தில் ஒலி திரியாமல் இருக்கச் சேர்க்கும் மெல்லிய இரைச்சல். அந்த ஸ்டுடியோவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. என்ன நடந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

கடைசி உருப்படியின் முடிவில் வீணை நின்ற பிறகு தம்புரா மட்டும் முப்பது விநாடிகள் ஒலித்து மங்கி மறைய வேண்டும். மிக்ஸில் அந்த மங்கலை விநாடிக்கு 4 டெசிபல் வீதம் இறங்கும்படி நானே அமைத்திருந்தேன். 24 பிட் கோப்பை ஹெட்போனில் ஒலியை நன்றாகக் கூட்டிக் கேட்டபோது சுருதி மெலிந்து மெலிந்து காணாமல் போயிற்று. 16 பிட் கோப்பில் ஏறக்குறைய பதினைந்தாவது விநாடியிலிருந்து தம்புராவின் நாதம் போய், மணலை அரைப்பது போன்ற ஒரு சரசரப்பு வந்தது. அந்தச் சரசரப்பு குறையவே இல்லை. பன்னிரண்டு விநாடிகள் ஒரே அளவில் நீடித்து, பிறகு கத்தரித்தாற்போல நின்றது.

இதன் காரணம் எளியது. 16 பிட் அளவுகோலின் ஒரு படிக்குள் 24 பிட் அளவுகோலின் 256 படிகள் அடங்கும். கீழ் எட்டு பிட்டுகளை அப்படியே வெட்டி எறிந்தால், விநாடிக்கு 44,100 முறை அளந்து வைத்த ஒலி அளவுகளில் ஒவ்வொன்றும், அதாவது ஒவ்வொரு மாதிரியும், தனக்குக் கீழே உள்ள படிக்கு விழுகிறது. கோப்பில் அடங்கும் உச்ச ஒலியை 0 டெசிபல் என்று வைத்தால், என் தம்புராவின் உச்சம் மங்கல் தொடங்கும்போது −30 டெசிபலில் இருந்தது. பதினைந்து விநாடிகளில் அது −90ஐத் தொட்டது. 16 பிட்டில் ஒரே ஒரு படியின் உயரம் அவ்வளவுதான். அதற்குக் கீழே போன பிறகு அலையின் மேல்பாதி முழுவதும் 0 ஆகவும் கீழ்ப்பாதி முழுவதும் −1 ஆகவும் பதிவாகும். தந்தியின் அசைவு எவ்வளவு சிறிதானாலும் அந்தத் தாவல் மட்டும் ஒரே அளவில் இருக்கும். ஆகவே ஒலி மங்குவதில்லை. வளைந்த அலை சதுரமாகி, தம்புராவில் இல்லாத மேல்சுரங்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு, 24 பிட் கோப்பிலேயே ஒலி பூஜ்யமாகும் வரை இரைந்துகொண்டிருக்கிறது.

டிதர் என்பது இதைத் தடுப்பதற்காக, 16 பிட்டில் அருகிலுள்ள படிக்கு முழுமைப்படுத்துவதற்கு முன்பே சேர்க்கப்படும் மிகச் சிறிய இரைச்சல். ஒரு படி அகலமுள்ள இரண்டு தற்செயல் எண்களைக் கூட்டி ஒவ்வொரு மாதிரியோடும் சேர்ப்பது வழக்கமான முறை. முக்கோண டிதர் என்பது இதுதான். அப்படிச் சேர்த்த பிறகு, இரண்டு படிகளுக்கு நடுவே கால் பங்கு உயரத்தில் உள்ள மதிப்பு சில முறை மேலேயும் பல முறை கீழேயும் விழுந்து, சராசரியில் அதே கால் பங்காகவே நிற்கும். இதனால் பிழை இசையின் பின்னால் ஓடுவதை விட்டுவிட்டுச் சீரான சீறலாக மாறுகிறது. தம்புராவும் அந்தச் சீறலுக்கு அடியில் தொடர்ந்து கேட்கிறது. இதற்கு நாம் கொடுக்கும் விலை, இரைச்சல் தளம் சுமார் 4.8 டெசிபல் உயர்வது.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்ற எட்டு உருப்படிகளில் எனக்கு எந்த வேறுபாடும் காதில் படவில்லை. மைக்கிலிருந்தும் அறையிலிருந்தும் வரும் இரைச்சல் ஒரு படியை விடப் பெரிதாக இருக்கும்போது அதுவே டிதரின் வேலையைச் செய்துவிடுகிறது. மங்கலில் அந்த இரைச்சலும் சேர்ந்து இறங்குவதால்தான் குட்டு வெளிப்பட்டது.

காது சொன்னதை மட்டும் வைத்து வாதாட விரும்பாமல், sox என்ற கட்டளைவரி ஒலி மென்பொருளால் இரண்டு கோப்புகளையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாஸ்டரிலிருந்து, ஒரே ஒலி அளவில், ஒரு மாதிரி கூட நகராமல் வந்திருந்தால் மட்டுமே இந்தச் சோதனை செல்லும்.

```
sox -m -v 1 master24.wav -v -1 cd16.wav -b 24 diff.wav
sox diff.wav -n stats
```

கிடைத்த எண்களில் `Min level` 0.000000, `Max level` 0.000030, `DC offset` 0.000015. வேறுபாடு ஒருமுறை கூடப் பூஜ்யத்துக்குக் கீழே போகவில்லை, ஒரு முழுப் படியையும் எட்டவில்லை, சராசரி சரியாக அரைப் படி. டிதர் இல்லாமல் வெட்டியதன் கைரேகை இது. முக்கோண டிதர் போட்டிருந்தால் வேறுபாடு இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றரைப் படி, அதாவது ±0.000046 வரை பரவி, சராசரி பூஜ்யமாக இருந்திருக்கும். வெட்டாமல் அருகிலுள்ள படிக்கு முழுமைப்படுத்தி மட்டும் இருந்தால் சராசரி பூஜ்யமாகத்தான் வரும், ஆனால் பரவல் ±0.000015ஐத் தாண்டாது.

இதை எழுதி அனுப்பியதும், ஒலியின் உச்சங்களைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் மென்பொருளில் டிதர் இயக்கப்பட்டிருப்பதைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட் ஒன்று பதிலாக வந்தது. டிக் இருந்தது உண்மைதான். அதன் பக்கத்திலேயே 24 என்றும் இருந்தது. 24 பிட் கோப்புக்கான டிதர், 16 பிட்டுக்கு வேண்டியதில் 256இல் ஒரு பங்குதான். அந்தக் கோப்புகளை வேறொரு மென்பொருளில் மொத்தமாகப் போட்டு 16 பிட்டாக வெட்டியிருக்கிறார்கள். இதுவரை கவனக்குறைவு என்று விட்டிருப்பேன்.

இரண்டு நாள் கழித்து "திருத்திய" கோப்புகள் வந்தன. மங்கலில் இப்போது சீறல் கேட்டது, ஆனால் அதற்குள் பழைய சரசரப்பும் இருந்தது. மறுபடி கழித்தேன்: `Min level` -0.000031, `Max level` 0.000061, `DC offset` அதே 0.000015. அந்த அரைப் படிச் சாய்வும் பழைய சரசரப்பும் சேர்ந்து தானாக வந்திருக்க முடியாது. 24 பிட் கோப்பை மறுபடி எடுத்து வேலை செய்யாமல், ஏற்கெனவே வெட்டிய 16 பிட் கோப்பின் மேலேயே இரைச்சலைத் தூவியிருக்கிறார்கள். வெட்டும்போது போன எட்டு பிட்டுகள் அதனால் திரும்பாது. அப்போது உண்டான திரிபும் போகாது. முதல் தவற்றை விட எனக்குக் கோபம் மூட்டியது இதுதான், ஏனென்றால் என்ன செய்கிறோம் என்று தெரிந்தே செய்த வேலை இது.

பிறகு அவர்களுடைய 24 பிட் கோப்புகளிலிருந்து நானே மாற்றிக்கொண்டேன்.

```
sox master24.wav -b 16 cd16.wav dither
```

ஒன்பது உருப்படிக்கும் சேர்த்து ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. கழித்துப் பார்த்தபோது `DC offset` 0.000000 என்று வந்தது. தம்புரா சீறலுக்குள் மெல்லக் கரைந்து போயிற்று. இதற்குப் பிறகு அந்தக் கோப்பில் ஒலி அளவையோ மங்கலையோ தொடக் கூடாது. அரை டெசிபல் மாற்றினாலும் எல்லா மாதிரிகளும் மறுபடி முழுமைப்படுத்தப்பட்டு, டிதரையும் மறுபடி போட வேண்டியதாகிவிடும்.

மாஸ்டரிங்குக்குக் கொடுப்பவர்கள் 16 பிட் கோப்போடு, அது எந்த 24 பிட் கோப்பிலிருந்து வந்ததோ அதையும் கேட்டு வாங்குங்கள். அது கையில் இல்லையென்றால் மேலே சொன்ன கழித்தலைச் செய்ய வழியில்லை, திருத்திக்கொள்ளவும் வழியில்லை. 3,600 ரூபாயைத் திருப்பிக் கேட்டதற்கு, பாதியை அடுத்த பதிவில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அடுத்த பதிவை அவர்களிடம் கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை.