300ஆ 143ஆ? டைபோல் வெட்டும்போது எது?

145 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை டைபோல் ஆன்டெனா வெட்டணும்னு வச்சுக்குவோம். 300-ஐ 145-ஆல வகுத்தா முழு அலைநீளம் 2.07 மீட்டர், அதுல பாதி 1.034 மீட்டர். கணக்கு சரிதான், ஆனா அது வெட்டவெளில போற அலைக்கு. கம்பிக்கு ஒரு தடிமன் இருக்கு, முனையும் சும்மா இருக்காது, அதனால நிஜத்துல சுமார் 5% குறைவா இருந்தாதான் ரெசோனன்ஸ் வரும்.

அதுக்குத்தான் 143. இதை 145-ஆல வகுத்தா நேரா அரை அலை நீளமே வந்துடும், 0.986 மீட்டர், கை ஒண்ணுக்கு 49.3 சென்டிமீட்டர். 300 கணக்குல வெட்டினா 51.7 வரும், எஸ்டபிள்யூஆர் ரொம்பக் குறையற இடம், அதாவது டிப், 138 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போய் உக்காந்துக்கும்.

என் ஓட்டு 143-க்குத்தான், ஆனா ரெண்டு சென்டிமீட்டர் கூடவே விட்டு வெட்டுங்க, டிப் 145-க்குக் கீழ இருந்தா ரெண்டு கையிலயும் சமமா நறுக்கிக்கலாம், குட்டையாயிட்டா ஒட்டவா முடியும்? பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர்னா இன்னும் கொஞ்சம் நறுக்க வேண்டி வரும்.