தேன்கூடு தேடினால் எலும்புக்கூடு

ஆறு வருடமாக என் வாசிப்புக் குறிப்புகளைத் தங்கிலீஷில்தான் எழுதி வருகிறேன். கைபேசியில் தமிழ் விசைப்பலகை கைக்குப் பழகாத நாளில் தொடங்கியது, அப்படியே ஒட்டிக்கொண்டது. பறவை, பூச்சி, செடி, சொல் என்று எதைப் படித்தாலும் நான்கு வரி எழுதி ஒரு தலைப்பு வைத்துவிடுவேன். ஆங்கிலப் புத்தகம் படித்தால் குறிப்பும் ஆங்கிலத்தில் இருக்கும். எல்லாம் ஒரே கிடங்கில் போய்ச் சேரும். அதைத் தேட போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளத்தின் மேல் நானே ஒரு சின்னப் பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். ஆகவே கீழே வரும் புலம்பலில் பாதிக்கு மேல் என் தப்புதான்.

முதல் இரண்டு வருடம் ஒன்றும் உறைக்கவில்லை. மூன்றாம் வருடம் ஒரு நாள், தேனீக்கள் ஏன் அறுகோண அறை கட்டுகின்றன என்று எழுதி வைத்த குறிப்பு தேவைப்பட்டது. `then koodu` என்று தட்டினேன். பதினான்கு குறிப்புகள் வந்தன. முதலில் நின்றது `elumbu koodu`. அடுத்து குருவிக்கூடு, அதற்கடுத்து கூட்டுப்புழு கூடு கட்டும் கதை. நான் தேடியது பதினோராவது இடத்தில் இருந்தது. சரி, வரிசைதான் கோளாறு என்று நினைத்து, மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினேன். அதே பதினான்கு. வெறும் `koodu` மட்டும் போட்டேன். அப்போதும் பதினான்கு. அங்கேதான் பொறி தட்டியது: `then` என்ற சொல்லைத் தேடுபொறி கண்டுகொள்ளவே இல்லை.

காரணம் எளிது. ஆங்கிலத் தேடலுக்கு என்று அமைத்த எந்திரங்கள், எங்கும் வந்து தொலைக்கும் சின்னச் சொற்களை முதலிலேயே கழித்துவிடும். அந்தக் கழிவுப் பட்டியலில் `the`, `of`, `and` இருப்பது நியாயம். `then` கூட இருக்கிறது. தேனுக்கும் தென் திசைக்கும் நான் தட்டுவது அதைத்தான். கண்ணால் பார்க்க வேண்டுமானால் இரண்டு வரி போதும்:

```
SELECT to_tsvector('english', 'then koodu');
-- 'koodu':2
SELECT to_tsvector('simple', 'then koodu');
-- 'koodu':2 'then':1
```

முதல் வரியில் தேன் காணாமல் போய், அது இருந்த இடம் மட்டும் காலியாக நிற்கிறது. கூடு இரண்டாம் இடத்திலேயே இருக்கிறது, ஒன்றாம் இடத்தில் ஆளில்லை. மேற்கோள் குறி ஏன் கைகொடுக்கவில்லை என்பதும் இதிலிருந்தே புரியும். தேடும் தொடரிலிருந்தும் அதே சொல் கழிந்துவிடுவதால், தொடர் என்று ஒன்று மிஞ்சுவதே இல்லை.

பிறகு அந்தப் பட்டியலைத் திறந்து தமிழ்க் கண்ணோடு படித்தேன். `than` இருந்தது, தான், தன் இரண்டும் போச்சு. `or` இருந்தது, ஓர். `am` இருந்தது, ஆம். `than` விஷயத்தில் இரட்டை அடி: நான் கவனமாக `thaan` என்று தட்டினாலும், கைபேசியின் தானியங்கித் திருத்தம் அதில் ஒரு `a`வை விழுங்கி `than` ஆக்கிவிடும். என் விரல் காப்பாற்றியதைத் திருத்தம் கெடுக்கும், திருத்தம் விட்டதைப் பட்டியல் கழிக்கும்.

உங்கள் தேடலில் இந்த நோய் இருக்கிறதா என்று அறிய நான் இப்போது செய்யும் சோதனை இதுதான். இரண்டு சொல் போட்டுத் தேடுங்கள். சந்தேகப்படும் சொல்லை எடுத்துவிட்டு மறுபடி தேடுங்கள். இரண்டு முறையும் எண்ணிக்கையும் வரிசையும் ஒன்றாகவே இருந்தால், அந்தச் சொல் கழிந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். உறுதி செய்ய அதை மட்டும் தனியாகத் தேடுங்கள். குறிப்புகளில் அது இருப்பது உங்களுக்குத் தெரிந்தும் ஒன்றும் வராவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

தேடல் அமைப்பை `english`இலிருந்து `simple`க்கு மாற்றினேன். அது எதையும் கழிக்காது, சொல்லின் வாலை வெட்டாது. தீர்ந்தது என்று இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் `then` என்று தனியாகத் தேடியபோது என் ஆங்கிலக் குறிப்புகள் எல்லாம் வரிசை கட்டி வந்து நின்றன. "முதலில் இது, பிறகு அது" என்று எழுதிய ஒவ்வொரு பத்தியிலும் ஒரு `then` இருக்குமே! அந்தக் கழிவுப் பட்டியல் எதற்காக இருக்கிறது என்பது அன்றுதான் உண்மையில் விளங்கியது. முன்பு தேன் கிடைக்கவில்லை, இப்போது தேனைத் தவிர எல்லாம் கிடைத்தது.

கழிவுப் பட்டியலில் இல்லாத சொற்களும் தப்பிக்கவில்லை. `pen` என்று எழுதினால் பெண், பேன், பேனா மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும். `man` என்றால் மண், மான், கூடவே ஆங்கில மனிதன். இணையத்திலும் இதே கதைதான். `pen` என்று ஒற்றைச் சொல்லாகப் போட்டால் பேனாதான் வரும். ஆனால் `pen kavithai` என்றோ `man vasanai` என்றோ போட்டால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடுகிறது, ஏனென்றால் இரண்டாவது சொல்லை ஆங்கிலமாகப் படிக்க வழியில்லை. அதனால் ஆங்கிலச் சாயல் உள்ள சொல்லைத் தனியாக அனுப்புவதில்லை, சந்தேகமே இல்லாத ஒரு தமிழ்ச் சொல்லைத் துணைக்கு அனுப்புகிறேன். `pen man` போல இரண்டுமே சாயல் உள்ளதாக அமைந்தால் தலைவிதி. அனல் காற்று பற்றி ஒருமுறை பொது இணைப்பு ஒன்றில் ரோமன் எழுத்தில் தேடியபோது, வயது வந்தோர் உள்ளடக்கம் என்று வடிகட்டி தடுத்துவிட்டது. ஏன் என்பதை நீங்களே எழுத்துக்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெடிலை இரட்டிப்பதும் முயன்ற வழிதான். `theen` என்று எழுதினேன். ஒரு மாதம் கழித்து எனக்கே அது தீன் என்று படிந்தது. `thaen` பரவாயில்லை, ஆனால் தேடும்போது விரல் பழைய `then`ஐத்தான் அடிக்கும். முறையாகவே செய்வோம் என்று ஐஎஸ்ஓ 15919 எழுத்துப்பெயர்ப்புக்குப் போனேன். அதில் தேன் என்பது `tēṉ`, பெண் என்பது `peṇ`. பார்க்க அழகு, குழப்பமே இல்லை. ஆனால் மேற்கோடும் கீழ்க்கோடும் தட்ட முடியாதே என்று, அவற்றை நீக்கித் தேடும் `unaccent` வசதியை இயக்கினேன். `tēṉ` போய் `ten` வந்தது. தேன், பத்தாக மாறிவிட்டது. `peṇ` மறுபடி பேனா. குறில் நெடிலையும் மூன்று வகை னகரத்தையும் பிரித்துக் காட்டுவதே அந்தக் குறிகள்தான்; அவற்றைத் துடைத்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறோம்.

இதற்கிடையில் ஒன்று கவனித்தேன். சேர்த்து எழுதிய சொற்கள் எப்போதுமே தொலையவில்லை. `thenkoodu` என்று ஒட்டி எழுதிய குறிப்பு `english` அமைப்பில்கூட உடனே வந்தது. இலக்கணப்படி சேர்த்து எழுத வேண்டியதைச் சோம்பலில் பிரித்து எழுதியதற்கும் சேர்த்துத்தான் இத்தனை நாள் அனுபவித்திருக்கிறேன். `elumbukkoodu` என்று ஒட்டியிருந்தால் அந்த எலும்புக்கூடும் தேன் தேடலில் வந்து நின்றிருக்காது.

கடந்த ஒன்றரை வருடமாக இருக்கும் ஏற்பாடு இது: தலைப்பு தமிழ் எழுத்தில். அதற்குக் கீழே ஒரே ஒரு வரியில், நான் எப்படியெல்லாம் தட்டுவேனோ அத்தனை ரோமன் வடிவங்களும். அந்த வரியைத் தரவுத்தளத்தில் தனி நெடுவரிசையாக வைத்து `simple` கொண்டு அட்டவணைப்படுத்துகிறேன். ஆங்கிலக் குறிப்புகளின் உடல் அதற்குள் வராது. `then` என்று தட்டினால் இப்போது தேனும் தென்னும் மட்டும் வருகின்றன. அந்த இரண்டைக் கண்ணால் பிரித்துக்கொள்ளலாம், அதில் எனக்கு வருத்தமில்லை. பழைய குறிப்புகளுக்கு அந்த வரியைச் சேர்ப்பதுதான் பாக்கி; தேடி அகப்படும்போது ஒவ்வொன்றாகச் செய்கிறேன். பேன் பற்றிய குறிப்பு இன்னும் அகப்படவில்லை.